போதை தராத சிபிடி எண்ணெய், பரிசோதனையில் மட்டும் சிக்கவைப்பது ஏன்?

புணே: பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் போட்டிக்கு வரும் வீரரும், லோஹேகாவ் விமான நிலையத்திலிருந்து விமானத்தைச் செலுத்தும் விமானியும் ஒரே எண்ணெயை நாவின் கீழ் சில சொட்டு விட்டுக்கொள்ளலாம். தூக்கத்திற்கு, மூட்டு வலிக்கு, மனப்பதற்றத்திற்கு என்று விற்கப்படும் கஞ்சாச் செடியின் சாறு அது. அதன் பெயர் சிபிடி. இருவருக்கும் தலை சுற்றாது, நடை தள்ளாடாது. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனை என்று வந்துவிட்டால் இருவரும் கவலைப்படக் காரணம் உண்டு.

கஞ்சாச் செடியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களில் இரண்டு முதன்மையானவை. போதை தருவது டிஎச்சி. மற்றொன்று சிபிடி எனப்படும் கன்னாபிடியால். வியப்பு என்னவென்றால், இரண்டின் அணுக் கணக்கும் ஒன்றே: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். அணுக்கள் இணைந்திருக்கும் விதம்தான் வேறு. டிஎச்சியில் மூடியிருக்கும் ஒரு வளையம் சிபிடியில் திறந்து கிடக்கிறது. அதனால் மூலக்கூறின் வடிவம் மாறிவிடுகிறது. மூளையில் சிபி1 என்னும் ஏற்பிகள் உள்ளன. டிஎச்சி அவற்றில் பொருந்தி அவற்றை இயக்குவதால்தான் போதை பிறக்கிறது. சிபிடி அவ்வாறு பொருந்துவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018இல் ஆராய்ந்து, தூய சிபிடியில் அடிமைத்தனத்திற்கோ தவறான பயன்பாட்டிற்கோ உரிய அறிகுறி இல்லை என்றது. அதே ஆண்டு, கடுமையான இருவகைக் குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்குச் சிபிடி மருந்தொன்றை அமெரிக்கா அனுமதித்தது. போதை இல்லை என்பதற்காக, பக்கவிளைவே இல்லை என்று கொள்ள வேண்டாம். கல்லீரல் நொதிகளின் அளவை அது உயர்த்தக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளின் வேகத்தையும் மாற்றும்.

அப்படியானால் பரிசோதனையில் சிக்கல் எங்கிருந்து வருகிறது? பரிசோதனை சிபிடியைத் தேடுவதே இல்லை. உடலுக்குள் சென்ற டிஎச்சியைக் கல்லீரல் சிதைக்கும்போது உண்டாகும் கார்பாக்சி டிஎச்சி என்ற கழிவுப்பொருளைத்தான் அது தேடுகிறது. முதற்கட்டச் சோதனைப் பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் அந்தக் கழிவைப் பற்றிக்கொள்ளும். தூய சிபிடி பொதுவாக அதில் சிக்காது. ஆகவே பிரச்சினை சிபிடியில் இல்லை, அதனுடன் ஒரே புட்டியில் வந்து சேரும் டிஎச்சியில் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் சணல் வகைக் கஞ்சாவுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த எல்லை, எடையில் 0.3 விழுக்காடு டிஎச்சி. கேட்பதற்கு மிகச் சிறிய அளவு. 30 மில்லிலிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 28 கிராம். அதில் 0.3 விழுக்காடு என்பது 84 மில்லிகிராம். நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டர் அருந்துபவர் உடலில் தினமும் 2.8 மில்லிகிராம் டிஎச்சி சேர்கிறது. போதை உணரப் பலருக்கு இது போதாது. ஆனால் டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்கி, மெதுவாக வெளியேறும் இயல்புடையது. நாள்தோறும் அருந்தினால் கழிவு சிறிது சிறிதாகக் குவியும். ஒருமுறை பயன்படுத்துவதே சில வேளை போதும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், சிபிடி மிகுந்து டிஎச்சி 0.39 விழுக்காடே உள்ள கஞ்சாவை ஆவியாக்கி ஆறு பேருக்கு ஒருமுறை கொடுத்தனர். இருவரின் சிறுநீர் பரிசோதனையில் தோற்றது. தூய சிபிடியை எடுத்தபோது எவரும் தோற்கவில்லை.

பரிசோதனைக்குப் பரிசோதனை எல்லைக்கோடும் மாறுகிறது. பணியிடச் சோதனைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க அளவு, முதற்கட்டத்தில் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 50 நானோகிராம். உறுதிச் சோதனையில் 15. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் எல்லையோ 150. ஒருவரின் சிறுநீரில் 60 நானோகிராம் இருந்தால், விளையாட்டுச் சோதனையில் அது குற்றமில்லை. பணியிடச் சோதனையில் வேலையே போகலாம். வீரருக்கு மற்றொரு சலுகையும் உண்டு. சிபிடி 2018 முதல் தடைப் பட்டியலில் இல்லை. டிஎச்சிக்கான தடையும் போட்டிக் காலத்திற்கு மட்டுமே. அது போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59க்குத் தொடங்குகிறது. விமானிக்கு இத்தகைய காலவரம்பு இல்லை. விமானிகளையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கும் விதியை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைப்படுத்தியது. சோதிக்கப்படும் பொருள்களில் கஞ்சாவும் ஒன்று.

இந்தியச் சந்தையில் குழப்பம் இன்னும் கூடுதல். ஒத்த பெயரில் மூன்று பொருள்கள் புழங்குகின்றன. முதலாவது, சணல் விதை எண்ணெய். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் அனுமதித்த இது ஓர் உணவு. சிபிடி அதில் அநேகமாக இராது. இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வரும் சிபிடி எண்ணெய். மூன்றாவது, ஆயுர்வேத உரிமத்தில் 'விஜயா' என்ற பெயரில் விற்கும் இலைச் சாறு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூ, காய் நுனிகளையே கஞ்சா என்று வரையறுத்து, நுனி சேராத இலையையும் விதையையும் விலக்கிவைத்தது. விஜயாவுக்கு வழி திறந்தது அந்த விலக்குதான். இலையிலும் டிஎச்சி உண்டு. ஹோலியன்று பாங் அருந்தியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 'விஜயா சாறு இத்தனை மில்லிகிராம்' என்று மட்டும் அச்சிட்ட புட்டியிலிருந்து, அதில் சிபிடி எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்று அறிய வழியில்லை. சில விஜயா தயாரிப்புகளில் வலி நிவாரணத்திற்காக டிஎச்சியே வேண்டுமென்று சேர்க்கப்படுகிறது. அதை 'சிபிடி' என்று நினைத்து வாங்குபவர் ஏமாறுகிறார்.

சொல்லப்போனால் அச்சிட்டதையும் முழுமையாக நம்ப முடியாது. இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்த 2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. அந்நாட்டின் கனரக வாகன ஓட்டுநர் ஒருவர், டிஎச்சி அறவே இல்லை என்ற விளம்பரத்தை நம்பி 2012இல் ஒரு சிபிடி திரவத்தை அருந்தி, பரிசோதனையில் தோற்று வேலை இழந்தார். பொருளைத் தாமே ஆய்வகத்திற்கு அனுப்பியபோது டிஎச்சி இருந்ததாக வழக்குத் தொடுத்தார். மோசடிக் கும்பல்களுக்கு எதிரான சட்டத்தின் கீழ் அவர் வழக்கை நடத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 2 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழக்கை நடத்தலாம் என்பதுதான் தீர்ப்பு. இழப்பீடு கிடைத்துவிட்டது என்பதன்று. 13 ஆண்டுகள் கழிந்து அவர் பெற்றது அவ்வளவே.

பரிசோதனைக்கு உள்ளாகும் பணியில் இருப்பவர் பார்க்க வேண்டியது, புட்டியின் தொகுதி எண்ணுக்கு உரிய ஆய்வகச் சான்று. 'முழு நிறமாலை' என்றால் டிஎச்சி உண்டு என்று பொருள். 'ஐசோலேட்' என்றால் பிரித்தெடுத்த சிபிடி மட்டும். 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால், எந்த அளவுக்குக் கீழ் கண்டறிய இயலாது என்பதையும் கேட்க வேண்டும். அந்த அளவு 0.01 விழுக்காடாக இருந்தால், மேலே சொன்ன 30 மில்லிலிட்டர் புட்டியில் மிஞ்சிப்போனால் 2.8 மில்லிகிராம் ஒளிந்திருக்கலாம். 0.1 ஆக இருந்தால் அது 28. கழிவு சிபிடி எண்ணெயிலிருந்து வந்ததா, புகைத்த கஞ்சாவிலிருந்து வந்ததா என்று பரிசோதனை அறிக்கை எழுதுவதில்லை. மருத்துவரின் சீட்டு பையில் இருந்தாலும் எண் மாறாது.