திரையில் 73

பாலைப் பாஸ்டரைஸ் செய்யும்போது அதை 72 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே 15 விநாடி ஒரு நீண்ட குழாய்க்குள் ஓடவிட்டு, பிறகு குளிரவைப்பார்கள். குழாயின் முடிவில் ஒரு வெப்ப உணரியும் அதை அடுத்து ஒரு திருப்பு வால்வும் இருக்கும். சூடு குறைந்தால் வால்வு பாலைத் திருப்பி, மறுபடி சூடேற்ற அனுப்பிவிடும்.

ஒரு பால் பண்ணையில் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் 11 மணிக்கு இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார். உணரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஒப்பீட்டு வெப்பமானி உண்டு. திரையில் காட்டும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். டேங்கர் காத்திருந்தது, திரையில் 73 என்று தெரிந்தது. அவர் ஒப்பிடவில்லை.

உண்மையில் பால் 69 டிகிரிதான் இருந்தது. அந்த உணரி ஒரு பிளாட்டினம் கம்பி. சூடு ஒரு டிகிரி ஏறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.38 ஓம் கூடும். அன்று கழுவும்போது இணைப்புப் பெட்டிக்குள் நீர் புகுந்து, ஒரு முனை அரித்திருந்தது. அதனால் ஒன்றரை ஓம் மின்தடை சேர்ந்துகொண்டது. கருவிக்கு அது கம்பியின் தடையா, அரித்த முனையின் தடையா என்று பிரித்தறியத் தெரியாது. நான்கு டிகிரி கூட்டிக் காட்டியது.

வால்வும் அதே உணரியை நம்பியே இயங்கியதால் பாலைத் திருப்பவில்லை. வரைபடத்தாளிலும் கோடு நேராகவே ஓடியது. ஒரே ஒரு தடயம் இருந்தது: நீராவி வால்வு வழக்கத்தைவிடக் குறைவாகத் திறந்திருந்தது. போதிய சூடு வந்துவிட்டதாக எண்ணி, கட்டுப்பாட்டுக் கருவி நீராவியைக் குறைத்திருந்தது. ஆபரேட்டர் அதைக் கவனித்தார். கொதிகலன் நன்றாக வேலை செய்வதாக எடுத்துக்கொண்டார்.

அதிகாலையில் ஆய்வகத்தில் பாஸ்பட்டேஸ் சோதனை நடந்தது. பச்சைப் பாலில் இயல்பாக உள்ள இந்த நொதி, சரியாகப் பாஸ்டரைஸ் செய்தால் செயலிழந்துவிடும். சோதனைத் திரவம் மஞ்சளானால் நொதி இன்னும் உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள். அன்று மஞ்சள் நிறம் வந்தது. மணிக்கு 5,000 லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓடிய 20,000 லிட்டர் பாலும் சேமிப்புத் தொட்டியிலேயே நிறுத்தப்பட்டது. முனையைச் சுத்தம் செய்தார்கள். உணரியைப் பனிக்கட்டி நீரிலும் வெந்நீரிலும் வைத்துச் சரிபார்த்தார்கள். தொட்டியையும் குழாய்களையும் கழுவி, பாலை மறுபடி பாஸ்டரைஸ் செய்து, மறுபடி சோதித்தார்கள்.

திருப்பு வால்வை மட்டும் இயக்கிப் பார்த்திருந்தால் இந்தப் பிழை தெரிந்திருக்காது. உணரி சொன்னதற்கேற்ப வால்வு சரியாகவே இயங்கியிருக்கும். அந்த உணரியோடு தொடர்பில்லாத இன்னொரு வெப்பமானிதான் பிழையைக் காட்டும். அதனால்தான் இரண்டு எண்களையும் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே பதிவேட்டில் அருகருகே எழுத வேண்டும். திரையில் காட்டும் எண் ஒப்பீட்டு வெப்பமானியின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், காரணம் தெரியும்வரை பால் ஓடக் கூடாது.