வெளிநாடு போனதும் ஸ்பாட்டிஃபை பாட்டு நின்றுவிடுவது ஏன்? டவுன்லோட் செய்தவையும் காணாமல் போவது எப்படி?

ஆறு மாத கான்ட்ராக்ட்டில் சவுதிக்குக் கிளம்பும் ஒருவர், விமானம் ஏறும் முன் போனில் 500 பாடல்களை டவுன்லோட் செய்துகொள்கிறார். "சைட்ல நெட் இல்லேன்னாலும் பாட்டு இருக்கும்ல" என்பது அவர் கணக்கு. ஆனால் இரண்டாவது மாதம் லிஸ்ட் அப்படியே இருக்கிறது, பாட்டு மட்டும் ஓடவில்லை. ஏன்?

30 நாள் கணக்கு

ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்த பாடல் உங்களுக்குச் சொந்தமான எம்பி3 ஃபைல் கிடையாது. சந்தா இருக்கும்வரை கேட்கக் கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். அந்தச் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஆப் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வரவேண்டும். ஜூன் 1-ல் கடைசியாக நெட்டில் இருந்த போனில் ஜூலை தொடக்கத்தில் டவுன்லோட்கள் நீங்கிவிடும். பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த பச்சை அம்புக்குறி மறைந்திருந்தால் இதுதான் காரணம்.

வாரம் ஒருமுறை டவுனுக்கு வரும்போது, வைஃபையில் ஆப்பைத் திறந்தாலே போதும். ஆஃப்லைன் மோட் ஆன் ஆகியிருந்தால் அதை அணைத்துவிட்டுத் திறக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அங்கே புது போன் வாங்கினால் பாடல்கள் தானாக வராது, மறுபடி டவுன்லோட் செய்யணும். ஒரு அக்கவுண்டுக்கு 5 சாதனங்கள்தான். ஆறாவதில் டவுன்லோட் செய்தால், நீண்ட நாளாகத் தொடாத சாதனத்தில் உள்ளவை அழிந்துவிடும்.

இலவச அக்கவுண்ட் என்றால்?

பணம் கட்டும் பிரீமியம் அக்கவுண்டை வெளிநாட்டில் எத்தனை மாதமும் பயன்படுத்தலாம். இலவச அக்கவுண்டுக்கு 14 நாள்தான். அதன்பிறகும் கேட்க, அங்கே இருந்தபடியே இணையதளத்தில் லாக்இன் செய்து, Edit profile பக்கத்தில் நாட்டை மாற்ற வேண்டும்.

பிரீமியத்தில் நாட்டை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. புதிய நாட்டில் வழங்கப்பட்ட கார்டு போன்ற கட்டண வழி தேவை. இந்திய வங்கி கார்டை வைத்துக்கொண்டு சவுதி பிளானுக்கு மாற முடியாது. ஆறு மாதத்தில் திரும்புகிறவர் இந்திய பிளானையே தொடரலாம். ஆனால் அதற்குப் பணம் போகும் கார்டு நடுவில் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தா நின்றால் டவுன்லோட்களும் போய்விடும்.

சில பாடல்கள் மட்டும் மங்கலாகத் தெரிவது ஏன்?

பாடல் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது. ஒரு நாட்டுக்கு உரிமை இல்லாத பாடல், நாட்டை மாற்றியதும் மங்கிவிடும். அதே பாட்டு ஒரு தொகுப்பு ஆல்பத்தில் வேறு நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம் என்பதால், பெயரைப் போட்டு மறுபடி தேடிப் பார்ப்பது பலன் தரும்.

விபிஎன் போட்டு ஏமாற்றலாமா? நாட்டுக் கட்டுப்பாட்டைச் சுற்றிப்போவது ஸ்பாட்டிஃபை விதிகளுக்கு எதிரானது; அக்கவுண்டே முடக்கப்படலாம். அப்படி நடந்தால், வருடக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட்டும் கைவிட்டுப் போகும்.