இரண்டு கணக்கும் ஒரு போனும்

கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில், வாசலில் நின்றால் சிக்னல் ஒரு கோடு, லயத்துக்குள் வந்தால் அதுவும் இல்லை என்ற நிலைமை பல இடங்களில் இருப்பதனால், டவுனுக்குப் போகும்போதே பாட்டையும் வீடியோவையும் போனில் இறக்கிக்கொண்டு வருவது சகஜமாகிவிட்டது. அவ்விதம் சேர்ந்தவற்றால், கொழும்பில் வேலை பார்க்கும் தம் மகன் விட்டுச்சென்ற பழைய போன் நிரம்பிப்போய், அதை என்னிடம் கொண்டுவந்த அடுத்த லயத்து அக்கா, "வாத்தியாரையா, அழிச்சா தம்பி சேத்து வச்ச பாட்டு லிஸ்டும் போயிருமா?" என்று கேட்டார்.

போகாது. யூடியூப் மியூசிக் செயலியில் பாட்டுப் பட்டியல், அதாவது பிளேலிஸ்ட், மகனுடைய கணக்கோடு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. போனில் இடத்தை அடைப்பது பாட்டின் பிரதி மாத்திரமே. பிரதியை அழித்தபின் பட்டியல் மட்டும் இருப்பது, செக்ரோலில் பெயர் இருக்க, ஆள் இன்று வேலைக்கு வராதிருப்பதைப் போன்றது. உயர்ந்த தரத்தில் ஐந்து நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 10 எம்பி பிடிக்குமாதலால், 100 பாட்டுக்கு 1 ஜிபி போய்விடும். வீடியோவோ அதனினும் பன்மடங்கு.

ஆனால் அதே போனில் அக்காவின் கணக்கும் இருந்தது. அதில் நின்றுகொண்டு தேடினால் மகனுடைய பிரதிகள் கண்ணில் படா. இடம் மட்டும் அடைபட்டிருக்கும். ஆகையால் மேலே உள்ள படத்தைத் தொட்டு Switch account வழியாக மகனுடைய கணக்குக்கு மாறிய பிறகே, Settings-இல் Downloads & storage என்ற பகுதிக்குப் போய் Clear downloads என்பதைத் தொட்டோம். சில பாட்டுகளை மாத்திரம் நீக்குவதாயின் அவற்றின் மூன்று புள்ளிகளைத் தொட்டு Remove download என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். பட்டியலின் மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும் Delete playlist என்பது பட்டியலையே ஒழித்துவிடும், அங்கேதான் விரல் தவறக்கூடாது. அவசரக்காரர் சிலர் போனின் பொது அமைப்புக்குள் போய் Clear storage கொடுப்பதுண்டு. அது அக்காவின் பக்திப் பாடல்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். பட்டியல்கள் அப்போதும் தப்பிவிடும் என்றாலும், டேட்டா செலவழித்து எல்லாவற்றையும் மறுபடி இறக்குவது யாருக்குச் சௌகரியம்?

அழித்தபின் லயத்துக்குள் பட்டியலைத் திறந்த அக்கா, பெயர்கள் மங்கித் தெரிவதைக் கண்டு திகைத்தார். இணையமின்றி ஒலிக்கப் பிரதி இல்லை என்பதே அந்த மங்கலின் அர்த்தம். வாசலுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அவை தெளிந்துவிட்டன. அக்காவின் கணக்குக்குத் திரும்பி Downloads-ஐப் பார்த்தோம். அங்கே யாவும் அப்படியே இருந்தன. பிறகு மகனுடைய கணக்கில் Smart downloads என்பதையும் அணைத்துவைத்தேன். அதை விட்டுவைத்தால் வைஃபை கிடைக்கும் இடங்களில் செயலி தானாகவே மறுபடி பாட்டுகளை இறக்கி, காலியான இடத்தை நிரப்பத் தொடங்கிவிடும்.