அந்த 'இல்ல' எங்கே போச்சு? வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்கித் தேடும் முன்...

வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேஸ்திரி எதையும் டைப் பண்ண மாட்டார், எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். எட்டு மாதத்தில் 140 மெசேஜ். கடைசி பில் வரும்போது சன்ஷேடு சென்ட்ரிங்குக்குத் தனியாகக் காசு கேட்கிறார். "அதெல்லாம் ரேட்லயே சேர்த்தினு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறார் வீட்டுக்காரர். "எப்போ சார் சொன்னேன்?" என்கிறார் மேஸ்திரி.

சொன்னது நிஜம்தான். ஆனால் 140-ல் எது? வாட்ஸ்அப்பில் மேலே போய்த் தேடினால் டைப் செய்த வார்த்தைகள் கிடைக்கும். பேசியது கிடைக்காது. வாய்ஸ் மெசேஜை எழுத்தாக மாற்றும் வசதியை 2024 நவம்பரில் வாட்ஸ்அப் அறிவித்தது, ஆனால் முதலில் வந்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. உங்கள் போனில் தமிழ் இருக்கிறதா என்பதை செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இல்லையென்றால் கம்ப்யூட்டர்தான் வழி. ஆண்ட்ராய்டு போனில் WhatsApp Voice Notes என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொரு மெசேஜும் தனி ஃபைலாக இருக்கும். பெயரிலேயே தேதியும் இருக்கும்: 20240312 என்றால் 2024 மார்ச் 12. ஃபோல்டர் முழுவதையும் காப்பி செய்துகொண்டு, விஸ்பர் என்ற இலவச மென்பொருளிடம் ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். ஓப்பன்ஏஐ 2022-ல் வெளியிட்டது இது. தமிழும் தெரியும். சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடுவதால், வீட்டுக் கணக்குவழக்கை முகம் தெரியாத வெப்சைட்டில் ஏற்ற வேண்டியதில்லை.

```
whisper PTT-20240312-WA0007.opus --language ta --model medium --output_format txt
```

இதில் `--language ta` முக்கியம். அதை விட்டுவிட்டால் முதல் 30 விநாடியை வைத்து எந்த மொழி என்று அதுவே ஊகிக்கும். பின்னால் கான்கிரீட் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தால் ஊகம் எங்கேயாவது போய் நிற்கும்.

எல்லாம் எழுத்தாகிவிட்டது. இனி 'சன்ஷேடு' என்று தேடினால் போதும்தானே? அங்கேதான் சிக்கல். மென்பொருள் 'சன்செட்' என்று எழுதியிருக்கலாம், 'சன் ஷேட்' என்று பிரித்திருக்கலாம். ஒன்றரை லட்சம் 'ஒண்ணரை' ஆகியிருக்கலாம், '1.5' ஆகியிருக்கலாம். அதனால் முழு வார்த்தையைத் தேடாமல் ஒரு துண்டைத் தேடுவது நல்லது: 'சன்', 'சென்ட்'. அல்லது அந்தப் பேச்சில் கூடவே வந்திருக்கக்கூடிய எளிய சொல்: 'ரேட்', 'சேர்த்தி'. நான்கைந்து ஃபைல் சிக்கும், அவ்வளவுதான். 140 ஐந்தாகிவிட்டதே, அது பெரிய லாபம் இல்லையா?

அந்த ஐந்தில் ஒன்றில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "சன்ஷேடுக்குத் தனி காசு சார் அதுலயே". படித்தால் மேஸ்திரி பக்கம் நியாயம் இருப்பது போலத் தெரியும். ஆடியோவைக் கேட்டால்: "சன்ஷேடுக்குத் தனி காசு இல்ல சார், அதுலயே சேர்த்திதான்." அப்படியே தலைகீழ்! தமிழில் மறுப்பு பெரும்பாலும் பேச்சின் கடைசியில்தான் வரும். அதையும் பாதி முழுங்கித்தான் பேசுகிறோம். 'வேணும்', 'வேணாம்' இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் ஒலிதான் வித்தியாசம். 'எழுவது', 'எம்பது' கதையும் கிட்டத்தட்ட அதேதான். பணத் தகராறு எல்லாமே இந்த மாதிரி வார்த்தைகளில்தான் வந்து நிற்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. யாரும் பேசாத இடத்தில், வெறும் சத்தம் இருக்கும் இடத்தில், விஸ்பர் தானாகவே எதையாவது எழுதிவைக்கும். ஒரே வரி நாலைந்து தடவை திரும்பி வந்தால், பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத 'நன்றி' கடைசியில் நின்றால், அந்த இடத்தை நம்ப வேண்டாம்.

ஆகவே எழுத்துப் பிரதியை புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல வைத்துக்கொள்வதே சரி. எந்தப் பக்கம் என்று அது காட்டும். பக்கத்தை நாம்தான் திறந்து படிக்க வேண்டும். பிரதியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "பாருங்க, நீங்க சொன்னது" என்று அனுப்புவது நியாயமே இல்லை. அது அவர் சொன்னது அல்ல, அவர் சொன்னதாக ஒரு மென்பொருள் நினைத்தது.

விவகாரம் கோர்ட் வரை போனாலும் பேசப்போவது ஆடியோதான். பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழும் சேர்க்க வேண்டும். பிரதி கைக்கு வந்ததும் இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து போனில் இருக்கும் ஒலியை அழித்துவிடாதீர்கள். 140 மெசேஜும் சேர்ந்து ஒரு சினிமா வீடியோ அளவுக்குக்கூட வராது.