காகிதம் இல்லாத கூலிக்கும் கணக்கு உண்டு

சாலை விபத்தில் கால் உடைந்த ஒரு வங்கி ஊழியரின் இழப்பீட்டு மனுவில் வருமானத்தைப் பற்றி வாதம் அதிகம் நடக்காது. சம்பளச் சான்றிதழும் வங்கிக் கணக்கு அறிக்கையும் போதும். ராயகிரியில் வயல் கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்குக் கால் உடைந்தால் முதல் கேள்வியே, "வருமானத்துக்கு என்ன ஆதாரம்?" என்பதுதான். ஆதாரம் இல்லை என்று சொல்லி, தீர்ப்பாயம் ஏதோ ஒரு உத்தேசத் தொகையைப் போடட்டும் என்று விட்டுவிடும் வழக்குகளே நம் பகுதியில் அதிகம். அந்த இடத்திலேயே பாதி இழப்பீடு போய்விடுகிறது. கூலித் தொழிலாளிக்குக் காகிதம் இல்லாமல் இருக்கலாம், ஆதாரம் இல்லாமல் இல்லை. அதை யாரும் உட்கார்ந்து தொகுப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

உச்ச நீதிமன்றம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. கர்நாடகத்தைச் சேர்ந்த 24 வயது காய்கறி வியாபாரி ஒருவர் 2008இல் நடந்த விபத்தில் காலை இழந்தார். மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னார், கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. சையத் சாதிக் எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் என்ற அந்த வழக்கில் 2014 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அமைப்புசாராத் தொழிலில் சொந்தமாகப் பிழைப்பவரிடம் வருமானத்துக்கு ஆவணம் கேட்க முடியாது என்று சொன்ன நீதிமன்றம், அவருடைய மாத வருமானத்தை 6,500 ரூபாய் என எடுத்துக்கொண்டது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதிதான் நமக்கு அதிகம் தேவை. காய்கறி விற்பவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கலாம், அவருக்கு நடமாட்டம் அவ்வளவு தேவையில்லை என்று கருதி உயர் நீதிமன்றம் இழப்பை 65 சதவீதம் என்று குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும், தள்ளுவண்டி தள்ள வேண்டும், உடல் உழைப்பாளிக்கு உறுப்பு போனால் பெரும்பாலும் பிழைப்பே போனதற்குச் சமம் என்று சொல்லி 85 சதவீதமாக உயர்த்தியது. நீதிமன்றத்துக்கு அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது தெரிந்ததால் எண் மாறியது. நம் மனுக்களில் பெரும்பாலும் இல்லாதது இந்த விவரம்தான். "மனுதாரர் கூலி வேலை செய்து மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்து வந்தார்" என்று ஒரு வரி இருக்கும். என்ன கூலி, எந்த மாதத்தில், எந்த வேலை என்று ஒன்றும் இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ராயகிரியைச் சேர்ந்த 38 வயதுப் பெண் ஒருவர் சாலையோரம் நடந்து போகும்போது பைக் மோதி வலது தொடை எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தாகிவிட்டது. ஆனால் முழங்கால் முழுதாக மடங்கவில்லை, குத்துக்கால் வைத்து உட்கார முடியாது. மருத்துவக் குழு வலது காலுக்கு 40 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று தருகிறது.

முதலில் வருமானம். ராயகிரி பேரூராட்சி என்பதால் அங்கே நூறு நாள் வேலை அட்டை கிடையாது. அட்டை இருக்கும் பக்கத்து ஊராட்சிகளிலும் அதை மட்டும் தாக்கல் செய்தால், அந்தச் சில நாள் கூலிதான் மொத்த வருமானம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். நில உடைமையாளரிடம் கூலிச் சான்று கேட்கலாம்தான். ஆனால் சேரியிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோர்ட் படியேறி சாட்சி சொல்லும் முதலாளிகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அவரை நம்பி வழக்கை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக நாங்கள் செய்வது, அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஓர் ஆண்டின் வேலைக் கணக்கை எழுதுவது. நாற்றுப் பறிப்பும் நடவும் எத்தனை நாள், களையெடுப்பு எத்தனை நாள், எலுமிச்சை பறிக்கப் போனது எத்தனை நாள், வயல் வேலை இல்லாத மாதத்தில் சித்தாளாகப் போனது எத்தனை நாள், ஒவ்வொன்றுக்கும் கூலி என்ன என்று மாதவாரியாகக் கேட்டு எழுதுகிறோம். வேலையே இல்லாத நாட்களையும் எழுத வேண்டும். எல்லா மாதமும் 30 நாள் வேலை என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே கணக்கு உடையும். நம் உதாரணத்தில் ஆண்டுக்கு 264 நாள், சராசரிக் கூலி 400 ரூபாய் என்று வருகிறது. அதாவது மாதம் 8,800 ரூபாய்.

இந்தக் கணக்கைத் தாங்க இரண்டு தூண்கள் வேண்டும். ஒன்று, அவரோடு ஒரே குழுவில் வேலைக்குப் போன இன்னொரு பெண்ணின் சாட்சியம். அவர் வாங்கிய அதே கூலியைத்தான் இவரும் வாங்கினார் என்று அவர் நேரில் சொல்லலாம். இரண்டாவது, மகளிர் குழுக் கடன் அட்டை. விபத்துக்கு முன்பு மாதம் 2,000 ரூபாய் தவணையைத் தவறாமல் கட்டியவர், விபத்து நடந்த மாதத்திலிருந்து கட்டவில்லை என்பதை அந்த அட்டை காட்டும். வருமானம் இருந்தது, விபத்தால் நின்றது என்ற இரண்டும் அந்த ஒரு அட்டையில் இருக்கிறது. இதை ஆதாரம் என்று நினைக்காமல் வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.

வருமானச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்காக இ-சேவை மையத்தில் வாங்கிய சான்றிதழ் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று போட்ட சான்றிதழ்கள் நம் தெருக்களில் சாதாரணம். "வருமான ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்று வக்கீல் சொன்னதும் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அது திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்கத் தரப்படும் சான்று, ஒருவருடைய உழைப்பின் மதிப்பை அளந்து தரப்படுவது அல்ல. நாமே அதைத் தாக்கல் செய்தால் மாதம் 6,000 ரூபாய் என்ற எண்ணை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். விசாரணையில் கேட்டால் மறைக்கக் கூடாது. எதற்காக, எப்படி வாங்கியது என்று உள்ளபடி சொல்ல வேண்டும். நம் ஏழ்மைக்கு அரசு கொடுத்த சான்றே நம் காலின் விலையைக் குறைக்கப் பயன்படுவது அநியாயம்.

அடுத்தது மருத்துவப் பதிவுகள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டு நகல்தான் இதில் முதன்மையானது. எந்த வண்டி, எங்கே, எப்படி மோதியது என்று கூட வந்தவர் சொல்வதைத்தான் அதில் எழுதுவார்கள். பதற்றத்தில் "ரோட்டில் விழுந்துட்டாங்க" என்று சொன்னால், மோதிய வண்டியே இல்லை என்ற வாதத்துக்கு அந்த வரி போதும். அதனால் நகலை முதல் வாரத்திலேயே வாங்கிப் படித்து, முதல் தகவல் அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஊனச் சான்று. அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை என்பதால் பில் இல்லாமல் இருக்கலாம். கூட இருந்து பார்த்தவர் இழந்த கூலியும் போக்குவரத்துச் செலவும் அப்போதும் கேட்கக்கூடியவையே.

ஊனச் சான்றில் உள்ள 40 சதவீதம் என்ற எண்ணில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அது காலுக்கு உரியது. முழு உடலுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 சதவீதம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. உடல் ஊனம் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லலாம், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும். இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் இழப்பு ஏறத்தாழ முழுவதும், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் தருகிறது. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது சதவீதத்தை மட்டுமல்ல. குனிய முடியுமா, சேற்றில் நிற்க முடியுமா, தலைச்சுமை தூக்க முடியுமா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நடவும் களையெடுப்பும் இனி இவரால் முடியாது, உட்கார்ந்து செய்யும் சில வேலைகள் முடியும் என்று நிறுவினால், சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதமாவது போய்விட்டது என்று வாதிடலாம்.

இனி பெருக்கிப் பார்ப்போம். 2009இன் சரளா வர்மா தீர்ப்பின்படி 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கெண் 15. 2017இன் பிரணாய் சேத்தி தீர்ப்பின்படி 40 வயதுக்குக் கீழ் உள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். இது இறந்தவர் வழக்குக்கு மட்டும் என்று சொல்வார்கள். காயமடைந்து ஊனமானவருக்கும் பொருந்தும் என்று 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதிர்த்தரப்பு கணக்கு: 6,000 × 12 × 15 × 13% = 1,40,400 ரூபாய்.

நம் கணக்கு: 8,800 உடன் 40 சதவீதம் சேர்த்தால் 12,320. அதை 12 × 15 × 40% ஆல் பெருக்கினால் 8,87,040 ரூபாய்.

ஒரே பெண், ஒரே கால், ஒரே சான்றிதழ். ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். வலி, வேதனைக்கும் சிகிச்சைச் செலவுக்கும் உள்ள தொகைகள் இதற்கு மேல் தனி. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் ஒரு சதவீத ஊனத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று மொத்தமாகக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் இவருக்கு 2,00,000 ரூபாயோடு முடியும். பிழைப்பு பாதிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சியம் இல்லாத வழக்குகள்தான் அந்த வழியில் போய்ச் சேருகின்றன. நாம் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் சொல்லவில்லை. தீர்ப்பாயம் 8,800ஐக் குறைக்கலாம், 40ஐ 30 ஆக்கலாம். ஆனால் சாட்சியம் பதிவில் இருந்தால்தான் மேல்முறையீட்டில் பேச ஏதாவது இருக்கும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். விபத்து எங்கே நடந்திருந்தாலும் மனுதாரர் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்கறிஞர் கிடைத்துவிடுவார். நாற்றங்கால் எப்போது, நடவு எப்போது, அந்தக் கூலி எவ்வளவு என்பதை அவர் அறிய மாட்டார். அதைக் கேட்டு, தேதியும் தொகையுமாக எழுதிக் கொடுக்கும் வேலை நம்முடையது. படித்த பிள்ளைகள் ஒரு நாள் மாலை அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். கடன் அட்டையை எடுத்து வரச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள்.