எண்ணின் வால் தெரியாமல் பேல் ஏறாது

பணம் வந்ததாகச் சொல்லும் வங்கி அலர்ட்டில் ரெஃபரன்ஸ் எண் பாதியோடு நின்றிருந்தால், அதை நம்பிச் சரக்கை அனுப்பலாமா? சில மாதங்களாக உறுப்பினர்கள் எங்களிடம் கேட்டு வரும் கேள்வி இது. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்பவர்களின் சங்கம் என்ற முறையில் எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறோம். அனுப்பக் கூடாது. இருபது வருடப் பார்ட்டியாக இருந்தாலும், லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் கூடாது. கணக்கு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, முழு எண்ணையும் பார்த்த பிறகே பேல் ஏற வேண்டும்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்கள், அந்த எண் எப்படி அமைந்திருக்கிறது என்பதை ஒரு தடவை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் அனுப்ப நாம் பயன்படுத்தும் ஆர்.டி.ஜி.எஸ். முறையில் யு.டி.ஆர். எண் 22 எழுத்து நீளம். மாதிரிக்கு ஒன்று, வங்கியின் பெயரை மறைத்து:

```
XXXXR12025081100412733
```

முதல் நான்கு எழுத்து, பணம் அனுப்பிய வங்கி. R என்பது ஆர்.டி.ஜி.எஸ். அடுத்த ஓர் இலக்கம், எந்த வழியில் அனுப்பினார்கள் என்பதற்கு. அதன்பின் எட்டு இலக்கம் தேதி, இங்கே 2025 ஆகஸ்ட் 11. இதுவரை 14 எழுத்து ஆயிற்று. அந்த வங்கியிலிருந்து அன்றைக்கு அதே வழியில் போன பணம் அத்தனைக்கும் இந்த 14 எழுத்தும் ஒன்றேதான். உங்களுக்கு வந்த பணத்தை மற்றவர்களின் பணத்திலிருந்து பிரித்துக் காட்டுவது கடைசி எட்டு இலக்கம் மட்டும். இடம் போதாதபோது போனும் அலர்ட்டும் வெட்டுவது வாலைத்தான். எது அடையாளமோ அது போய், எல்லோருக்கும் பொதுவான தலை மட்டும் திரையில் நிற்கிறது.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு சொல்கிறோம். எண்களையும் தேதியையும் மாற்றியிருக்கிறோம். வெளிமாநிலத்துப் பார்ட்டி ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு பில். இரண்டும் 2,25,000 ரூபாய்க்குத் துண்டும் பெட்ஷீட்டும், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேர்த்து 2,36,250. மதியம் அலர்ட் வந்தது, முதல் லோடு போனது. ராத்திரி ஏழு மணிக்குப் பார்ட்டியின் கணக்குப்பிள்ளை போன் செய்து, "ரெண்டாவது பில்லுக்கும் போட்டாச்சுங்க" என்றார். முதலாளி சந்தையில் இருந்தார், கடையில் மகன். பத்து நிமிஷத்தில் அவர் கையிலிருந்த போனில் இன்னொரு அலர்ட் விழுந்தது. 2,36,250 வரவு, தேதி அன்றைய தேதி, ரெஃபரன்ஸ் `XXXXR120250811...` என்று மூன்று புள்ளியோடு நின்றிருந்தது. மதியம் வந்ததோடு ஒப்பிட்டார். அதே வங்கி, அதே நாள், அதே தொகை. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று இரண்டாவது லோடையும் விட்டுவிட்டார்.

ராத்திரி வந்தது மதியத்து எஸ்.எம்.எஸ்.தான், மறுபடியும் வந்திருக்கிறது. டவர் சரியில்லாத இடங்களில் இது புதிதல்ல. அந்த அலர்ட்டில் நேரமும் கிடையாது, கணக்கு மீதியும் கிடையாது. வால் முழுதாகத் தெரிந்திருந்தால் இரண்டிலும் 00412733 என்றே இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்திருப்பார். எண்ணை அவர் ஒப்பிடவே செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பணமாக இருந்தாலும் தலை ஒன்றுபோல்தான் இருக்கும், இரண்டு வேறு பணமாக இருந்தாலும் ஒன்றுபோல்தான் இருக்கும். அந்த ஒப்பீட்டால் அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்க முடியாது.

ஒன்பது நாள் கழித்துக் கணக்கு நேர் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பார்ட்டி ஏமாற்றவில்லை. அவர்கள் நெட் பேங்கிங்கில் கணக்குப்பிள்ளை பதிவு செய்தால் முதலாளி அனுமதி தர வேண்டும். இவர் பதிவு செய்துவிட்டுப் "போட்டாச்சு" என்றார், அவர் அனுமதி தர மறந்துபோனார். பணம் வந்து சேர மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. நல்ல பார்ட்டி, அதனால் வந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இது. அலர்ட் வந்தால், வங்கி ஆப்பையோ நெட் பேங்கிங்கையோ நீங்களே திறந்து ஸ்டேட்மென்ட்டுக்குப் போங்கள். மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொட வேண்டாம். வரவு வரியை அழுத்தினால் முழு எண் விரியும். பார்ட்டியிடமும் முழு எண்ணை எழுத்தாகவே கேட்டு வாங்குங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதிலும் வால் வெட்டுப்பட்டிருக்கும். இரண்டின் கடைசி எட்டு இலக்கமும் பொருந்தி, அதே எண் முந்தைய பில் எதிலும் எழுதப்படாமல் இருந்தால் லோடு போகலாம். பில்லின் ஆபீஸ் பிரதியில் முழு எண்ணையும் பேனாவால் எழுதுங்கள். மதியத்துப் பில்லில் அப்படி எழுதியிருந்தால் ராத்திரி இந்தக் கதையே இல்லை.

பார்ட்டி தந்த எண் முழுதாக இருந்தும் ஸ்டேட்மென்ட்டில் வரவு இல்லையென்றால் காத்திருப்பதே வழி. ஆர்.டி.ஜி.எஸ். என்றால், பணம் நம் வங்கிக்கு வந்த அரை மணிக்குள் அது நம் கணக்கில் ஏற வேண்டும் என்பது விதி. என்.இ.எஃப்.டி. அரை மணிக்கொரு தொகுப்பாகப் போகிறது, தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதற்கு மேலும் வராவிட்டால் அனுப்பியவர் தன் வங்கியைக் கேட்க வேண்டும், நாமும் நம் வங்கியைக் கேட்கலாம்.

கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேட்மென்ட்டை இறக்கி எக்ஸெல்லில் திறந்தால் அங்கேயும் வால் போகும். யு.பி.ஐ.யின் 12 இலக்க எண் 522309417826 என்பது `5.22309E+11` என்று சுருங்கி நிற்கும். கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றினால் அது திரும்பி வரும். முழுக்க இலக்கமாகவே அமைந்த 16 இலக்க என்.இ.எஃப்.டி. எண்ணுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எக்ஸெல் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கத்தைச் சைபராக்கிவிடும். கோப்பை உள்ளே எடுக்கும்போதே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

"நின்ற லாரிக்கு வெயிட்டிங் சார்ஜ் யார் தருவது?" என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சரிபார்க்க ஆகும் முதல் அரை மணி நேரம் விற்பவர் கணக்கு. முழு எண் தராமல் இழுத்தடித்தால் அதற்கு மேல் வாங்குபவர் கணக்கு. ஆர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் தீர்மானமாயிற்று. அரை எண்ணைப் பார்த்து லோடு விட்ட ஊழியரின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பல கடைகளில் ஸ்டேட்மென்ட் பார்க்கும் வசதி முதலாளியின் போனில் மட்டும் இருக்கிறது. வரவைப் பார்க்க மட்டும் முடிகிற தனி லாகின் பல வங்கிகள் நடப்புக் கணக்குக்குத் தருகின்றன, குடோன் பொறுப்பாளருக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.

வங்கிகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அலர்ட்டில் முழு எண் போட இடமில்லையென்றால் தலையை விட்டுவிட்டுக் கடைசி எட்டு இலக்கத்தைப் போடுங்கள். கணக்கு எண்ணுக்கு இதைத்தானே செய்கிறீர்கள், முன்னால் XX போட்டுக் கடைசி நாலு இலக்கத்தைக் காட்டுகிறீர்கள். இதை எழுத்தாக ஈரோட்டுக் கிளைகள் அனைத்துக்கும் கொடுக்கிறோம். பதில் வரும் வரை, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து, உறுப்பினர் கடைகளில் ஆபீஸ் பிரதியில் முழு எண் எழுதாத பில்லுக்குக் குடோன் சாவி கொடுப்பதில்லை.