லெஃப்ட் ஸ்வைப்: தப்பு புரொஃபைல்லயா, உங்க கட்டைவிரல்லயா?

ராத்திரி 11 மணி. படுத்துக்கிட்டே டேட்டிங் ஆப்பைத் திறக்கிறீங்க. முதல் பத்து புரொஃபைல்ல நாலு பேர் ஓகேன்னு தோணுது. அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா எல்லாமே லெஃப்ட்தான். 'நல்ல ஆளே இல்லப்பா'ன்னு போனை வெச்சுடுறீங்க. நிஜமாவே மாறியது ஆட்களா, நீங்களா?

நெதர்லாந்து உளவியல் ஆய்வாளர்கள் டிலா ப்ரோங்க், யாப் டெனிசன் இருவரும் இதைத்தான் சோதித்தார்கள். புரொஃபைல் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஓகேயா, வேண்டாமா என்று கேட்டார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, முதல் படத்திலிருந்து கடைசிப் படத்துக்குள் 'ஓகே' சொல்லும் வாய்ப்பு சராசரியாக 27% சரிந்திருந்தது. பார்க்கப் பார்க்கத் திருப்தி குறைகிறது, 'நமக்கு எதுவும் செட் ஆகாது' என்ற எண்ணம் கூடுகிறது. மனசு 'ரிஜெக்ட்' மோடுக்குப் போய்விடுகிறது. இதுதான் சாய்ஸ் ஓவர்லோட்.

ஆனா, சாய்ஸ் நிறைய இருந்தாலே குழப்பம்தான் என்று சொல்லிவிட முடியாது. 2010-ல் 50 பரிசோதனைகளைச் சேர்த்து அலசியபோது, சராசரி பாதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். எதைத் தேடுகிறோம் என்று தெளிவா தெரிந்தவர்களை நீளமான லிஸ்ட் பெரிசா அசைக்காது. எதைத் தேடுறோம்னே தெரியாம சும்மா தள்ளிக்கிட்டே இருக்கும்போதுதான் சிக்கல்.

அந்த அவசரத்தில் நாம் எதை வைத்து முடிவெடுக்கிறோம்? போட்டோவை வைத்துத்தான். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்குமே, அப்படி ஒரு நல்ல போட்டோ அந்த ஆளின் குணத்துக்கும் வெளிச்சம் போட்டுவிடுகிறது. இதற்கு 1920-லேயே எட்வர்ட் தார்ண்டைக் வைத்த பெயர் 'ஹேலோ'.

ஓகேகியூபிட் தளம் 2014-ல் இதை வெளிப்படையாகவே சொன்னது. ஆரம்பத்தில் அங்கே அழகுக்குத் தனியாக, பெர்சனாலிட்டிக்குத் தனியாக மார்க் போடலாம். இரண்டு மார்க்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஒரு வரிகூட எழுதாத புரொஃபைலுக்கும் பெர்சனாலிட்டியில் டாப் மார்க்! பிறகு சிலரின் பயோவைப் பாதி நேரம் மறைத்துவைத்துப் பார்த்தார்கள். ஒருவரைப் பற்றிய அபிப்பிராயத்தில் எழுத்தின் பங்கு 10 சதவிகிதத்துக்கும் கீழேதான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்க. மங்கலான லைட்ல எடுத்த செல்ஃபி, கீழே ரசனையா எழுதின நாலு வரி. அஞ்சாவதா வந்தா ஒருவேளை படிச்சிருப்பீங்க. அறுபதாவதா வந்தா போட்டோவோட சரி, லெஃப்ட்! அந்த ஆளோட குணம் உங்க கண்ணுக்கே வரலை.

ரிஜெக்ட் மோடுக்குப் போயிட்டோம்னு எப்படித் தெரியும்? கடைசியா தள்ளின மூணு பேரோட பயோவில் ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஆப்பை மூடிடுங்க. நாளைக்குத் திறக்கும்போது முதல் பத்து பேருக்கு மட்டும் போட்டோவுக்கு முன்னாடி பயோவைப் படிங்க.

உங்களை லெஃப்ட் தள்ளினவங்களுக்கும் இதே கணக்குதான். யாரோ ஒருத்தருக்கு நீங்க அறுபதாவது புரொஃபைலா வந்திருக்கலாம்.